நாலு வரிதானே என்று ஒப்புக்கொள்ளும் முன்: பாட்காஸ்ட் தீம் பாட்டு எழுதிய அனுபவம்

கோயம்புத்தூர்ப் பக்கம் சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். வாரம் ஒருவரை உட்கார வைத்து, ஊர், தோட்டம், சந்தை, தறி என்று பேச வைக்கிற நிகழ்ச்சி. உண்மையான பெயரைச் சொல்லாமல் ‘இட்டேரி’ என்றே வைத்துக்கொள்கிறேன், வேலிகளுக்கு நடுவே போகிற மண் தடத்துக்குக் கொங்குப் பக்கத்தில் அதுதான் பெயர். அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் தீம் பாட்டுக்கு வரி கேட்டார்கள். “நாலு வரிதானுங்ணா, பொழுதோட அனுப்பி விட்டுருங்க” என்றார்கள். சம்பளம் மொத்தமாக ரூ.5,000. பதிவு முடியும் வரை வரிகளில் எது சரியில்லை என்றாலும் பொறுப்பு என்னுடையது என்று பேச்சு. கடைசியில் இரண்டாம் முறை ஸ்டுடியோ வாடகைக்கும், பாடியவருக்கு மறுபடி கொடுத்த சம்பளத்துக்கும் ரூ.4,500 என் பையிலிருந்து போனது. பணத்தைவிட, எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரிகளைக் கேட்டவர்கள் வேறு மாதிரிக் கேட்டுவிட்டுச் சிரித்ததுதான் ரொம்ப நாள் உறுத்தியது. நீளப் பாட்டு எழுதுகிறவர்களுக்குக்கூட இந்தப் பத்து விநாடிச் சமாச்சாரத்தில் எங்கே கால் வழுக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தீம் பாட்டு என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டால் “ஒரு இருபது செகண்டு” என்பார்கள். அந்த இருபதும் வரிக்குக் கிடைக்காது. இந்த வேலையில் தாள வேகம் நிமிடத்துக்கு 96 அடி. 60-ஐ 96-ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 0.625 விநாடி. நாலு அடி சேர்ந்த ஒரு சுற்று 2.5 விநாடி. இருபது விநாடிக்கு எட்டுச் சுற்று. இதில் முதல் சுற்று வெறும் வாத்தியம், கேட்பவர் காது திரும்புவதற்காக. கடைசி மூன்று சுற்றும் பேசுகிறவர் “வணக்கமுங்க” என்று உள்ளே வருவதற்கான இடம். அங்கே பாட்டுக் குரல் இருந்தால் இரண்டு குரலும் மோதும், இரண்டுமே விளங்காது. ஆக வரிக்கு மிஞ்சியது நடுவில் இருக்கிற நாலு சுற்று: பதினாறு அடி, பத்து விநாடி. நாலு வரி என்றால் ஒரு வரிக்கு நாலு அடி. இந்தக் கணக்கைப் போடாமல் பேனாவை எடுக்கவே கூடாது. வேகம் 96 இல்லை, 110 என்றால் அதே நாலு சுற்று 8.7 விநாடியாகச் சுருங்கும். வேகத்தைக் கூட்டினால் நிறையச் சொல்லலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அடிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, பாடுகிறவர் வாய்தான் திணறும்.

இங்கே நடந்தது வேறு வரிசை. மெட்டு வரும் முன்பே வரி வேண்டும் என்றார்கள். குழுவில் அஞ்சு பேர், அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு ஆசை. ஈரோட்டு மஞ்சள் வரணும், திருப்பூர் பனியன் வரணும், பொள்ளாச்சித் தேங்காய், பவானி ஜமுக்காளம், கோயம்புத்தூர் மோட்டார் எல்லாம் வரணும். பதினாறு அடியில் அஞ்சு ஊரையும் அஞ்சு பொருளையும் வைத்தால் பத்து அடி அதற்கே போய்விடும், மிச்சத்தில் நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னால் தீர்ந்தது. அப்படி எழுதினால் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் அறிவிக்கிற மாதிரித்தான் இருக்கும். யாரோ ஒருவர் நம்மிடம் பேசுகிறார் என்ற உணர்வு வராது. பட்டியலைக் குறைத்துக் குறைத்து எல்லாரும் ஒப்புக்கொண்ட வடிவம் இது:

மஞ்சள் விளையும் கொங்கு மண்ணில்
மனசு திறந்து பேச வாங்க
கடை வீதி தொட்டு காடு வரைக்கும்
கதை சொல்லும் எங்கள் இட்டேரி

வாசித்தால் குறை தெரியாது. வாட்ஸ்அப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். இசையமைப்பாளர் இதற்குக் கும்மி நடையில் மெட்டுப் போட்டார். கொங்குப் பக்கத்துக் காதுக்கு அது சரியான தேர்வு. வள்ளி கும்மி பார்த்து வளர்ந்த ஊர்களில் அந்த நடை வந்தாலே கால் தானாக அசையும். ஆனால் கும்மி நடை மூன்று மூன்றாகப் போகிற திஸ்ரம். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சிறு பங்கு. மெட்டைத் தத்தகாரத்தில் பாடிக் காட்டினால் ‘தான தான தான தான’ என்று வரும். ‘தா’ இரண்டு பங்கு, ‘ன’ ஒரு பங்கு. அதாவது அடியின் தலையில் நீளம், வாலில் குறுக்கம். வரி எழுதியபோது இந்த மெட்டு எங்கேயும் இல்லை. நாலு நாலாக எண்ணுகிற சதுஸ்ர நடையில் அந்த வரிகள் ஒரு மாதிரி ஓடும். திஸ்ரத்தில் உட்கார வைத்தபோதுதான் ஒவ்வொன்றாகக் கழன்றது.

எது உட்கார்ந்தது, எது கழன்றது என்று சொல்லுக்குச் சொல் பார்த்தால்தான் விஷயம் புரியும். முதல் வரி அதிர்ஷ்டவசமாகப் பொருந்திவிட்டது. ‘மஞ்’ என்று ஒற்றோடு மூடிய எழுத்து இரண்டு பங்கு தாங்கும், ‘சள்’ ஒரு பங்கில் முடியும். ‘விளையும்’ மூன்றும் குறுகிய ஒலி, பங்குக்கு ஒன்றாக ஓடிவிடும். ‘கொங்கு’, ‘மண்ணில்’ இரண்டும் ‘மஞ்சள்’ மாதிரியே. இரண்டாம் வரியில் ‘மனசு’ பரவாயில்லை. ‘திறந்து’ சிக்கல்: ‘தி’ குறில், ‘றந்’ மூடிய ஒலி, ‘து’ இன்னொன்று. மூன்று பங்குக்குள் நீளம் நடுவில் வந்து விழுகிறது, மெட்டின் நீளமோ தலையில் இருக்கிறது. பாடுகிறவர் மெட்டை விட்டுக்கொடுக்க மாட்டார், ‘தீறந்து’ என்று இழுத்துவிட்டார். மூன்றாம் வரியில் ‘கடை’ வந்தது. இரண்டு குறுகிய ஒலி மட்டும் உள்ள சொல் மூன்று பங்கை நிரப்ப வேண்டும், அதனால் முதல் எழுத்து இழுபட்டு ‘காடை’ ஆனது. ‘காடை வீதி தொட்டு’ என்று கேட்டவர்கள் காடை வறுவல் கடைக்கு விளம்பரமா என்று கேட்டார்கள். போதாததற்கு அந்த வரியில் அஞ்சு சொல், அடியோ நாலுதான். நாலாம் வரியில் ‘கதை’ அதே காரணத்தால் ‘காதை’ ஆகி, ‘காதை சொல்லும்’ என்று ஒலித்தது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய விதியை நேராகவே சொல்லிவிடலாம். குறில் எழுத்தை நீண்ட சுரத்தில் வைத்தால் அது நெடிலாகிவிடும், வேறு சொல்லாகவும் மாறிவிடலாம். மனம் மானமாகும், விடு வீடாகும், பட்டு பாட்டாகும், எடு ஏடாகும். எதிர்ப்பக்கமும் உண்டு: நெடிலைக் குறுகிய சுரத்தில் அமுக்கினால் மாடு மடுவாகும். நீளப் பாட்டில் ஒரு சொல் இப்படிச் சிதைந்தாலும் முன்னும் பின்னும் உள்ள வரிகள் பொருளைத் தூக்கிக்கொடுத்துவிடும். நாலு வரியில் முட்டுக் கொடுக்க ஆள் கிடையாது, கேட்டது கேட்டதுதான். அதனால் திஸ்ர நடையில் எழுதும்போது ஒவ்வொரு அடியின் தலையிலும் நெடிலோ, ம், ண், ல் மாதிரி இழுக்க வருகிற ஒற்றோடு மூடிய குறிலோ வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்: வாங்க, நாலு, வண்டி, சொல்ல, ஏறி, நம்ம. அல்லது அடிக்கு மூன்று குறிலாக ஓடுகிற சொல் வேண்டும்: வெயிலு, மனசு, தறிய. கடை, கதை, மழை, நடை மாதிரி இரண்டு குறுகிய ஒலி மட்டும் உள்ள சொற்களை அடியின் தலையில் தனியாக விடக் கூடாது. அந்தச் சொல்தான் வேண்டும் என்றால் வாலில் ஓர் ஒலி சேர்த்துவிடுங்கள். ‘கதை சொல்ல’ இடறும், ‘கதைய சொல்ல’ சரியாக ஓடும். யாப்பு படித்தவர்களுக்கு இது நேர், நிரை விவகாரம் என்று உடனே பிடிபடும். படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம், மேசையில் தட்டிக்கொண்டே பாடினால் காது சொல்லிவிடும்.

கடைசி வரியில் இன்னொரு கோளாறும் இருந்தது, எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான். நிகழ்ச்சியின் பெயர் உயிரெழுத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ‘எங்கள்’ என்று ஒற்றில் முடிகிற சொல். பாடும்போது இரண்டும் ஒட்டி ‘எங்களிட்டேரி’ ஆகிவிட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் ‘எங்களிட்ட’ ஏதோ இருக்கிறது என்று விளங்கிக்கொண்டார்கள். பாட்டு முடிந்த பிறகும் நிகழ்ச்சியின் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. தீம் பாட்டின் தலையாய வேலையே அதைச் சொல்வதுதான். ஒற்றுக்குப் பதிலாக உகரத்தில் முடிகிற சொல்லை வைத்தாலும் தப்பிக்க முடியாது. ‘நம்ம ஊரு இட்டேரி’ என்று எழுதினால் வேகத்தில் உகரம் உதிர்ந்து ‘ஊரிட்டேரி’ ஆகும். உயிரில் தொடங்கும் பெயருக்கு ஒரே பாதுகாப்பு, அதற்கு முன்னால் அரை அடியாவது வெற்றிடம். எழுதுகிறவருக்கு இது வலிக்கும், ஏனென்றால் பதினாறு அடியில் ஒன்றை ஒன்றுமில்லாமல் விட வேண்டும். ஆனால் அந்த வெற்றிடம்தான் பெயரைத் தனியாகத் தூக்கிக் காட்டுகிறது. க, ச, த, ப, ம என்று மெய்யில் தொடங்கும் பெயருக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே ‘ப’ மட்டும் வேறு வகையில் படுத்தும்: வாயிலிருந்து காற்று மைக்கில் மோதி ‘பொம்’ என்று கேட்கும். பாப் ஃபில்டர் வைத்து, மைக்கைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் சரியாகிவிடும்.

முதல் பதிவைக் கேட்ட குழு, வரி எழுதியவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. ஒப்புக்கொண்டதும் அவர்கள், மெட்டுக்கு முன் வரி கேட்டதும் அவர்கள். ஆனால் முதலில் பேசிய பேச்சில் அதெல்லாம் இல்லை. கோபம் வந்தது, சண்டை போடத் தெம்பில்லை. இரண்டாம் முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: இசையமைப்பாளர் மெட்டை முனகிப் பதிவு செய்து தர வேண்டும், மெட்ரோனோம் தட்டு பின்னால் ஓட வேண்டும், நிகழ்ச்சியின் பெயர் எந்த இடத்தில் வந்தால் மெட்டு உச்சிக்குப் போகும் என்று அவர் விரும்புகிறாரோ அதைச் சொல்ல வேண்டும். செல்போன் ரெக்கார்டரில் அரை நிமிட வேலை. தத்தகாரம் கையில் இருந்தால் எழுதுவது மேலிருந்து கீழே வராது, பெயரிலிருந்து பின்னோக்கிப் போகும். அதுதான் சரியான திசை.

எனவே முதலில் பெயர். ‘இட்டேரி’ மூன்று ஒலி: இட், டே, ரி. நீளம் தாங்குகிற நெடில் நடுவில் இருக்கிறது, கடைசியில் இருப்பது குறில். ‘இட்’டை அடியின் தலையில் வைத்தால் ‘ஈட்டேரி’ ஆகும், ‘ரி’யை இழுத்தால் ‘ரீ’ ஆகும். ஆக ‘டே’தான் அடியின் தலையில் விழ வேண்டும், ‘இட்’ அதற்கு முந்தின அடியின் கடைசிப் பங்கில் எடுப்பாக வர வேண்டும். ‘டேரி’ இரண்டும் ஒன்றுமாகத் திஸ்ரத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. பாட்டு முடிகிற இடத்தில் ஒரு நீளம் வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்டார். அதற்கும் ‘டே’யைத்தான் இழுத்தோம். ‘ரி’ வெட்டினாற்போல் முடிந்து அதன் மேல் பறை ஒரு அடி. உங்கள் நிகழ்ச்சியின் பெயர் ஆ, ஏ, ஓ என்று நெடிலில் முடிந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், கடைசிச் சுரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ம், ன் என்று மூக்கொலியில் முடிந்தாலும் முனகலாக நீட்டலாம். பாட்டு, கேட்டு, நாடு மாதிரி அமுங்கிய உகரத்தில் முடிந்தால் இழுக்கவே கூடாது, ‘பாட்டூ’ என்று கேலியாகிவிடும்.

பெயரை இரண்டு முறை சொல்வது என்று முடிவானது. ஒயிலாட்டத்திலும் கும்மியிலும் முன்பாட்டுக்காரர் சொன்னதைப் பின்னால் நிற்பவர்கள் வாங்கிப் பாடுவது வழக்கம். அதனால் இரண்டாம் முறை கூட்டுக் குரல். பெயருக்கும் அதன் முன்னால் உள்ள வெற்றிடத்துக்குமாக அஞ்சு அடி போய்விட்டது. மிச்சம் பதினொன்று. அதில் மஞ்சளும் பனியனும் எதுவும் வராது என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். ஒரு காட்சி, ஓர் அழைப்பு, ஒரு காரணம், அவ்வளவுதான் இடம். காட்சிக்கு ‘வேலி ஓரம் வெயிலு சாய’ என்று வந்தது. கிளுவை வேலிக்கு நடுவே மண் தடத்தில் நடந்தவர்களுக்கு அது போதும், ஊர்ப் பெயர் எதுவும் வேண்டியதில்லை. அழைப்புக்கு முதலில் ‘வாங்க பேசிப் போலாமுங்க’ என்று எழுதினேன். ‘போலா’வில் இரண்டு நெடில், மூன்று பங்கில் அடங்காது. ‘லா’ அமுங்கி ‘போலமுங்க’ என்று ஒலித்தது. ‘போவமுங்க’ என்று மாற்றியதும் ‘போவ’ இரண்டும் ஒன்றும், ‘முங்க’ இரண்டும் ஒன்றும் என்று அப்படியே விழுந்தது. கடைசியாக நின்ற வடிவம் இது. நிற்கிற கோடுகளுக்கு நடுவில் இருப்பது ஒவ்வோர் அடி, படுத்துக் கிடக்கிற கோடு வெற்றிடம் அல்லது நீட்டல்.

| வேலி | ஓரம் | வெயிலு | சாய |
| வாங்க | பேசிப் | போவ | முங்க |
| நாலு | சேதி | கேக்க | — இட் |
| டேரி | — இட் | டே— | ரி |

பன்னிரண்டாவது அடியைப் பாருங்கள். அதில் முதல் இரண்டு பங்கு வெறுமை, ஏறத்தாழ 0.4 விநாடி. மூன்றாவது பங்கில் ‘இட்’. அந்தச் சின்ன இடைவெளிதான் ‘கேக்க’வையும் பெயரையும் ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது. பாடுகிறவர் மூச்சு வாங்குவதும் அங்கேதான். முதல் பதினொரு அடி ஒரே மூச்சில் போக வேண்டும், ஏழு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு, பழகியவருக்குப் பிரச்சினை இல்லை. அந்த மூச்சுச் சத்தம் பதிவில் கேட்டால் முழுக்க வெட்டிவிடாதீர்கள், கொஞ்சம் தணித்தால் போதும். அடியோடு வெட்டினால் குரல் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

மரியாதை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கொங்குத் தமிழில் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம். வாங்க, போவமுங்க என்று தொடங்கினால் கடைசி வரை ‘ங்க’ போட்டுப் பேசும் ஆள்தான் பாட வேண்டும். நடுவில் சந்தத்துக்காக ‘கேளு’, ‘வா’ என்று வந்தால் அடுத்த ஊர்க்காரர்களுக்கு வேண்டுமானால் தெரியாது, இங்கே ஒரு பெரியவர் கேட்டால் முகம் சுளிப்பார். ‘கண்ணு’, ‘சாமி’ என்று கூப்பிட்டால் பாடுகிறவர் வயதில் மூத்தவராக ஒலிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுக் குரல் ‘வா சாமி’ என்றால் ஒட்டாது. வட்டாரச் சொல்லை அள்ளித் தெளிப்பதும் வேண்டாம். அமுச்சி, அப்புச்சி, ஒரம்பரை, பொடக்காலி எல்லாவற்றையும் நாலு வரிக்குள் திணித்தால் அது மிமிக்ரி ஆகிவிடும். இந்த வரிகளில் ‘போவமுங்க’ ஒன்றும் ‘கேக்க’ ஒன்றும்தான் இருக்கிறது, பெயர் மூன்றாவது. வட்டார வாடைக்கு அது தாராளம் என்பது என் எண்ணம்.

பதிவுக்குப் போவதற்கு முன்னால் காதுச் சோதனை. முதல் தடவை இது நடக்கவே இல்லை, வாசித்துப் பார்த்துத்தான் எல்லாரும் தலையாட்டினார்கள். செய்முறை எளிது. செல்போனில் ஒருவர் சும்மா பாடிப் பதிவு செய்ய வேண்டும், நல்ல குரல் தேவையில்லை, வேகம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். வரிகளை இதுவரை பார்க்காத நாலைந்து பேரிடம், செல்போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே, ஒரே ஒரு முறை போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். “நல்லா இருக்குதா” என்று கேட்கவே கூடாது, எல்லாரும் நல்லா இருக்குது என்றுதான் சொல்வார்கள். எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் போதும். இந்தச் சோதனையில் ‘வெயிலு’ இரண்டு பேருக்கு ‘வேலு’ என்று விழுந்தது. மூன்று குறிலும் வேகமாக ஓடுவதால் ‘யி’ கரைந்துவிட்டது. சொல்லை மாற்றத் தேவைப்படவில்லை, அந்த இடத்தில் மெட்டை ஒரே சுரத்தில் வைக்காமல் மூன்று ஒலிக்கும் மூன்று சுரம் இறங்கு வரிசையில் கொடுத்ததும் தெளிவாகிவிட்டது. பெயரை எல்லாரும் சரியாக எழுதினார்களா என்பதுதான் முக்கியமான கேள்வி. மற்ற சொல் ஒன்றிரண்டு தவறினாலும் பொறுத்துக்கொள்ளலாம், பெயர் ஒருவருக்குத் தவறினாலும் மறுபடி உட்கார வேண்டும்.

வாத்தியமும் வரியைக் கெடுக்கும். கும்மிக்குச் சலங்கை வேண்டும் என்று முதல் கலவையில் சலங்கை தொடர்ந்து ஒலித்தது. சலங்கையின் ஒலி மேல்ஸ்தாயி அதிர்வுகளில் இருக்கிறது, ‘சாய’, ‘சேதி’ ஆகியவற்றில் வரும் சகரத்தின் சீறலும் அங்கேதான். இரண்டும் மோதினால் ‘சேதி’ ‘ஏதி’யாகக் கேட்கும். குரல் வரும் பத்து விநாடிக்குச் சலங்கையை நிறுத்திவிட்டு முன்னும் பின்னும் மட்டும் வைத்தார்கள், தீர்ந்தது. பறையின் கீழ்ஸ்தாயி அதிர்வு செல்போன் ஸ்பீக்கரில் வரவே வராது, குச்சி அடிக்கிற சத்தம் மட்டும் வரும். ஆகவே தாளம் பறையின் அடியொலியை நம்பி இருக்கக் கூடாது. கலவையைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டு மயங்காமல் செல்போனில் கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஒலி அளவும் பார்க்க வேண்டும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், நிகழ்ச்சியின் மொத்த ஒலி அளவு LKFS என்ற அலகில் -16 அருகில் இருக்கச் சொல்கிறது. தீம் பாட்டு அதைவிட எகிறி, பேச்சு அதற்குக் கீழே கிடந்தால் கேட்பவர் ஒலியைக் குறைப்பார், அப்புறம் பேச்சு கேட்காது.

எல்லாம் முடிந்த நேரத்தில் விளம்பரதாரர் ஒருவர் கிடைத்திருக்கிறார், அவர் கடைப் பெயரையும் ஒரு வரியில் பாட முடியுமா என்று கேட்டு வந்தார்கள். இது எல்லாருக்கும் வரும். முடியாது என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்: விளம்பரதாரர் மாறினால் பாட்டை மறுபடி பதிவு செய்ய வேண்டும். பெயரைப் பாட்டுக்குள் வைக்காமல், வால் பகுதியின் மூன்று சுற்றில், அதாவது 7.5 விநாடியில், பேசுகிறவர் சொல்லிவிடலாம். அதற்கு வசதியாகக் கோப்புகளையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன்: முழுப் பாட்டு, குரல் இல்லாத வாத்தியம், குரல் மட்டும், ‘இட்டேரி’ என்ற கூட்டுக் குரலும் பறை அடியும் மட்டும் உள்ள மூன்று விநாடித் துண்டு. விளம்பர இடைவேளைக்குப் பின் திரும்பி வரும்போது அந்தத் துண்டுதான் உதவும். முழுப் பாட்டையும் ஒரே நிகழ்ச்சியில் இரண்டு முறை போட்டால் கேட்பவர் தள்ளிவிட்டுப் போவார். செல்போன் விளையாட்டுக்கு எழுதினால் இன்னும் கடுமை. ஒரு நாளில் பத்துத் தடவை திறப்பார்கள், அங்கே இந்த மூன்று விநாடித் துண்டுதான் தீம் பாட்டே.

உரிமை பற்றிப் பேசாமல் விட்டதால் கசப்பு இன்னும் கொஞ்சம் நீண்டது. வரிகளை ஒரு மேடை நிகழ்ச்சிக்கும், அப்புறம் விளம்பரதாரரின் வீடியோவுக்கும் எடுத்துப் போட்டார்கள், கேட்கவில்லை. நாலு வரிக்கெல்லாம் என்ன உரிமை என்று சிரித்தார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி பாட்டு வரி இலக்கியப் படைப்பு, மெட்டு தனி இசைப் படைப்பு, பதிவு செய்த ஒலி மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் உரிமை தனித்தனி. உரிமையை எழுதிக் கொடுப்பது என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். எனவே வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நிகழ்ச்சிக்கு, அதன் யூடியூப் வடிவத்துக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டுக்கு, விளம்பரத்துக்கும் மேடைக்கும் தனிச் சம்பளமா என்று அதில் இருக்கட்டும். மெட்டு இறுதியான பிறகுதான் வரி தருவேன், அதன் பின் மெட்டோ வேகமோ பெயரோ மாறினால் மறுபதிவுச் செலவு மாற்றியவர் தலையில் என்ற வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் எத்தனை முறை இலவசம் என்று எண் போட்டு எழுதுங்கள், இரண்டு என்பது நியாயம். குழுவின் சார்பில் “சரி” சொல்ல ஒரே ஒருவர் பெயரை அந்தத் தாளில் எழுதி வாங்கிவிட்டுத்தான் மெட்டைக் கேட்க உட்கார வேண்டும்.